ரகரமும் காலும்: யாழ்ப்பாணத்துக் கடைப் பலகைகளோடு ஒரு பயணம்

யாழ்ப்பாணத்தில் கடைத்தெருவில் நடக்கும்போது தமிழ்நாட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவது எழுத்துக்கூட்டல்தான். நம் ஊரில் ‘ஸ்டோர்ஸ்’ என்று எழுதுவதை இங்கே ‘ஸ்ரோர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். ஸ்டூடியோ ‘ஸ்ரூடியோ’ ஆகிறது, டெக்ஸ்டைல்ஸ் ‘ரெக்ஸ்ரைல்ஸ்’ ஆகிறது, இன்டர்நெட் ‘இன்ரநெற்’ ஆகிறது. ஐஸ்கிரீமில் வல்லின ற வந்து ‘ஐஸ்கிறீம்’ என்று உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ட-வை உச்சரிக்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் வளைவதில்லை, பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொடுகிறது. அந்த ஒலிக்கு ர, ற இரண்டும்தான் கிட்டத்தில் இருக்கின்றன என்பது ஈழத்தவர் காது. அவர்கள் மரபு அது, ஒழுங்கான மரபு. பிழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான் வந்தது இந்தப் பலகைகளைப் படம் எடுக்க. கையால் எழுதிய பலகைகள் வேகமாகக் குறைந்து, அந்த இடத்தில் அச்சடித்த பிளெக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. படத்தை மட்டும் சேர்த்து வைத்தால் பிறகு தேட முடியாது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் எழுத்தாகக் கூடவே இருக்க வேண்டும். படங்கள் நிறைய என்பதால் அந்த வேலையை மென்பொருளிடம் விட்டேன். மடிக்கணினியில் டெசராக்ட் என்ற எழுத்து வாசிக்கும் மென்பொருள் இருந்தது. கைப்பேசியில் படத்தை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்றும் இருந்தது.

கே.கே.எஸ். வீதியில் கொக்குவில், இணுவில் தாண்டிச் சுன்னாகம் வரைக்கும் ஒரு நாள். அடுத்த நாள் மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகச் சங்கானை. அங்கே எடுத்த ஒரு படத்தை வைத்தே மிச்சத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அந்த ஒரே தகரப் பலகையில் இருந்தது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, எழுத்தின் வலப்பக்கக் கீழ் ஓரத்தில் கறுப்பு நிழல். மேல் வரியில் கடைப் பெயரும் ‘ஸ்ரோர்ஸ்’ என்ற சொல்லும், கீழ் வரியில் ‘சங்கானை’. கடைப் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் நிழலைப் பார்ப்போம். டெசராக்ட் போன்ற மென்பொருள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். அப்படி மாற்றும்போது சிவப்பும் கறுப்பும் இரண்டுமே இருட்டாகிவிடும். எழுத்தும் நிழலும் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கு தடிக்கும். ஸகரத்தின் சுழிகள் அடைபடும், புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு சேர்ந்துவிடும். அப்படியே கொடுத்தால் வெளியே வருவது வெறும் குப்பை.

இதற்கு வழி நிறத்திலேயே இருக்கிறது. கணினியின் நிறக் கணக்கில், மஞ்சளில் சிவப்பும் பச்சையும் இரண்டுமே அதிகம். கறுப்பில் இரண்டுமே இல்லை. எழுத்தின் சிவப்பில் மட்டும்தான் ஒன்று அதிகம், மற்றது குறைவு. அதனால் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பின் அளவிலிருந்து பச்சையின் அளவைக் கழித்தால் எழுத்து மட்டும் தனியாக நிற்கும். பின்னணியோடு நிழலும் மறைந்துவிடும்.

```
magick palagai.jpg -fx "1-(u.r-u.g)" ezhuthu.png
tesseract ezhuthu.png out -l tam --psm 7 tsv
```

முதல் வரியில் இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி நிறத்தைக் கழித்து, வெள்ளையில் கருமையான எழுத்தாக மாற்றித் தருகிறது. இரண்டாவதில் `--psm 7` என்பது ‘படத்தில் இருப்பது ஒரே வரி’ என்று சொல்வது. அதனால் பலகையை வரி வரியாக வெட்டிக் கொடுக்க வேண்டும். `tsv` கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எவ்வளவு நம்பிக்கையோடு வாசித்தது என்ற எண்ணும் வரும். நீல எழுத்துப் பலகை என்றால் கழிக்கும் நிறங்களை மாற்ற வேண்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்து, சாம்பல் நிழல் என்றால் இந்த வித்தையே வேண்டாம், வெளிச்ச அளவை வைத்தே பிரித்துவிடலாம்.

நிழல் போனதும் டெசராக்ட் தந்த சொல்: ‘ஸ்ரேரர்ஸ்’. செயலி தந்த சொல்: ‘ஸ்டோர்ஸ்’. இரண்டும் பலகையில் இல்லை.

அன்று இதில் எது மோசம் என்று வெகுநேரம் யோசித்தேன். பார்வைக்குச் செயலியின் விடைதான் சுத்தம். ஆனால் பலகையில் டகரமே கிடையாது. செயலி எழுத்தைப் பார்த்ததோடு நிற்காமல், இந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று தன் பழக்கத்தைக் கேட்டிருக்கிறது. அந்தப் பழக்கம் பெரும்பாலும் தமிழ்நாட்டு எழுத்தில் வந்தது. விளைவு, யாழ்ப்பாணத்துப் பலகை தமிழ்நாட்டுப் பலகையாகிவிட்டது. ‘ஸ்ரேரர்ஸ்’ என்று வந்தால் எவருக்கும் அது தவறு என்று தெரியும், போய்ப் படத்தைப் பார்ப்பார்கள். ‘ஸ்டோர்ஸ்’ என்று வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். நாளை ஒருவர் இந்தத் தொகுப்பில் ‘ஸ்ரோர்ஸ்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, இங்கே அப்படி எழுதும் வழக்கமே இருந்ததில்லை என்றுதான் முடிவுக்கு வருவார். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

சரி, டெசராக்ட் ஏன் அப்படி வாசித்தது? ‘ஸ்ரோர்ஸ்’ என்பதை வடிவமாகப் பாருங்கள். ஸ், இரட்டைச் சுழிக் கொம்பு, ர, கால், ர், ஸ். நடுவில் மூன்று எழுத்து அடுத்தடுத்து: ரகரம், துணைக்கால், புள்ளி வைத்த ரகரம். அச்சில் ரகரத்துக்குக் கீழே ஒரு சாய்கோடு இறங்கும், காலுக்கு அது இருக்காது. பலகையில் மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே தடிப்பில், அடி தட்டையாக நிற்கின்றன. நாம் சொல்லைத் தெரிந்து வைத்திருப்பதால் வாசித்துவிடுகிறோம்.

மறுபடி சுன்னாகம் போனபோது ஒரு ஓவியர் கடை வாசலில் தகரத்தைச் சாய்த்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சோக்கட்டியால் மேலும் கீழும் இரண்டு கோடு இழுத்து, எழுத்தின் எல்லைகளை மெல்லிசாகப் போட்டு, பிறகு தட்டைத் தூரிகையால் எனாமல் நிரப்பினார். நிழல் போடுவது நிறம் காய்ந்த பிறகுதான். அவரிடம் ரகரத்தின் வாலைக் கேட்டேன்.

“ரெண்டு கோட்டுக்கையும் அடங்கோணும் தம்பி. வால் விட்டா கீழ் வரியிலை முட்டும். அதோட நிழலும் போடோணும் எல்லோ? அதாலை வெட்டிப்போட்டுத்தான் எழுதுறனான்” என்றார். மடிக்கணினியைத் திறந்து ‘ஸ்ரேரர்ஸ்’ என்று வந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “அது பார்த்தபடி வாசிச்சிருக்கு. பிழை சொல்ல ஏலாது” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ர எது, கால் எது என்று வடிவத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாத இடத்தில், பிரிக்காமலே வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். யூனிகோடில் ‘ரோ’ என்பதை ர, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாக உடைக்கலாம். உடைத்த பிறகு எல்லாக் கால்களையும் ரகரமாக மாற்றினால் ‘ஸ்ரோர்ஸ்’, ‘ஸ்ரேரர்ஸ்’ இரண்டும் ஒரே எழுத்து வரிசையாகிவிடும்.

```python
import unicodedata

def key(s):
    return unicodedata.normalize("NFD", s).replace("\u0bbe", "\u0bb0")
```

இதை நான் சாவி என்று சொல்கிறேன். கடைப் பலகைகளில் வரும் சொற்களை யாழ்ப்பாணத்து எழுத்திலேயே ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் சாவி போட்டு வைத்தேன். மென்பொருள் தந்த சொல்லின் சாவி பட்டியலில் ஒன்றோடு பொருந்தினால் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ‘ஸ்ரேரர்ஸ்’ அப்படித்தான் ‘ஸ்ரோர்ஸ்’ ஆனது. இதற்கும் எல்லை உண்டு. ‘பார’, ‘பரா’ இரண்டுக்கும் சாவி ஒன்றே. கடைச் சொற்களில் இப்படி மோதுவது அரிது, ஆட்பெயர்களில் மோதலாம். அதனால் பெயர்களைக் கண்ணால் பார்த்தே தட்டச்சு செய்கிறேன்.

இனி கீழ் வரி. ‘சங்கானை’ என்ற பெயரின் கடைசி எழுத்து பழைய வடிவத்தில் இருந்தது: இணைக்கொம்பு தனியாக நிற்காமல், னகரத்தோடு சேர்ந்து தும்பிக்கை போல வளைந்திருந்தது. ணை, லை, ளை, னை நான்கையும், ணா, றா, னா போன்றவற்றையும் இன்றைய வடிவத்துக்கு மாற்றியது 1978-இல் தமிழ்நாட்டு அரசு போட்ட ஆணை. அது இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. வேலணை, சங்கானை என்று முடியும் ஊர்ப் பெயர்கள் உள்ள இடத்தில் பழைய பலகை ஒன்று கிடைத்தால் இந்த வளைவையும் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, யூனிகோடில் பழைய னை, புதிய னை என்று இரண்டு கிடையாது. இரண்டுக்கும் குறியீடு ஒன்றே, வடிவம் எழுத்துருவின் வேலை. அதனால் வாசித்துவிட்டால் தேடுவதில் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் வாசிப்பதில்தான்: புதிய வடிவ எழுத்துருக்களில் பழகிய மென்பொருளுக்கு அந்த வளைவு என்னவென்றே தெரியாது. என் படத்தில் அதை ணகரமாக்கி, ஐகாரத்தை விழுங்கிவிட்டது. நம்பிக்கை எண்ணும் மற்றச் சொற்களைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தது. ஊர்ப் பெயரில் எண் தாழ்ந்தால் முதலில் பழைய ஐகாரமா என்று பார்ப்பது இப்போது என் வழக்கம்.

பழைய வடிவம் குறியீட்டில் மறைந்துபோவதால், அதைத் தனியாகக் குறித்து வைக்கவும் வேண்டியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் என் அட்டவணையில் மூன்று கட்டம். முதலாவதில் பலகையில் உள்ளபடி: ‘ஸ்ரோர்ஸ், சங்கானை’. இரண்டாவதில் தேடுவதற்கு மட்டும் தமிழ்நாட்டு எழுத்து: ‘ஸ்டோர்ஸ்’. மூன்றாவதில் எழுத்து வடிவம்: ‘பழைய னை, வால் இல்லாத ர, வலப்பக்க நிழல்’. செயலி தரும் விடையை முதல் கட்டத்தில் வைப்பதே இல்லை. அது இரண்டாவதுக்குத்தான் பொருத்தம், அங்கே நன்றாகவே உதவுகிறது. அதன் விடையில் ‘ஸ்ட’ என்றோ சொல்முதல் ‘டெ’ என்றோ வந்தால், அந்தப் படத்தை மறுபடி திறந்து ரகரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் இருக்கிறது.

அடுத்து பருத்தித்துறைப் பக்கம் போக இருக்கிறேன். கடற்கரைக் காற்றில் பலகைகள் துருப்பிடித்துப் புள்ளிகள் உதிர்ந்திருக்கும் என்று சுன்னாகத்து ஓவியர் சொன்னார். புள்ளி இருந்ததா இல்லையா என்று தெரியாத இடத்தில் முதல் கட்டத்தில் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.