லியென், தோவ், கூட, உம்

சிங்கப்பூரில் சீனத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவமனை வராந்தாவில் நின்று மகள் தம்பிக்குப் போன் செய்கிறாள். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. அவள் சொல்லும் வரி, 'லியென் வோ தோவ் பு ரென்ஷி ல'. எனக்குத் தந்த ஆங்கில வரியில் எனக்கே அவரை அடையாளம் தெரியவில்லை என்ற பொருள் இருந்தது. நானும் அதைப் பார்த்து 'எனக்கே அவரை அடையாளம் தெரியல' என்று எழுதிவிட்டேன். படுத்த படுக்கையாக இருக்கும் மனிதர், உருக்குலைந்து போயிருப்பார், பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காட்சியோடு பொருந்தித்தான் போனது.

சரிபார்க்கும் அக்கா இரண்டு காட்சி தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து என் மேசையருகே நின்றார். "தம்பி, இதுல யாருக்கு யாரைத் தெரியல? அப்பா அவளை நர்ஸுன்னு நினைச்சுப் பேசுறாரே, பார்த்தியா?" என்று கேட்டார். அடையாளம் தெரியாமல் போனது அப்பாவுக்கு. 'என்னையே அவருக்கு அடையாளம் தெரியல' என்று இருக்க வேண்டிய வரி அது.

ஆங்கில வரியை எழுதியவர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சீன வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. 'வோ' என்றால் நான், அதுவே என்னை, அதுவே எனக்கு. சீனத்தில் வேற்றுமை உருபு கிடையாது. சாதாரண வாக்கியத்தில் வினைக்கு முன்னால் வருவது எழுவாய், பின்னால் வருவது செயப்படுபொருள் என்று இடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நம் 'கூட' தரும் பொருளுக்குச் சீனத்தில் சொல்லுக்கு முன்னால் லியெனும் வினைக்கு முன்னால் தோவும் ஜோடியாக வரும். அந்த லியென் ஒரு சொல்லைப் பிடித்தால் அது செயப்படுபொருளாக இருந்தாலும் வினைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். இடம் தந்த அந்த ஒரே துப்பும் அப்போது போய்விடுகிறது. போதாக்குறைக்கு, பேச்சில் எழுவாயையே விட்டுவிடுவார்கள். மீதி இருப்பது 'என்னை-கூட-தெரியாது', அல்லது 'எனக்கு-கூட-தெரியாது'. எது என்று முன்பின் காட்சிகள்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் இந்த இரண்டும் மங்கலாக இருக்க வழியே இல்லை. ஐ போடுவதா கு போடுவதா என்று முடிவு செய்யாமல் வரியை எழுத முடியாது. அன்றிலிருந்து லியென் வரும் வரியை எழுதும்போது முதலில் வேற்றுமையைத்தான் தீர்மானிக்கிறேன். சந்தேகம் இருந்தால் காட்சியின் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அப்புறம்தான் இன்னொன்று புரிய ஆரம்பித்தது. இந்த அமைப்பில் சீனமும் தமிழும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் நிற்கின்றன, ஆங்கிலம்தான் தள்ளி நிற்கிறது, நானோ ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். 'வோ லியென் ஜாவ்ஃபான் தோவ் மெய் ச்சி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் நான், காலைச் சாப்பாடு, சாப்பிடவில்லை என்று வரிசை மாறாமல் நம் வாக்கியம்தான். ஆங்கிலத்தின் ஈவன் பெரும்பாலும் வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், எதைச் சுட்டுகிறது என்பதைக் குரலில் அழுத்தம் கொடுத்துத்தான் காட்டுவார்கள். எழுத்தில் அந்த அழுத்தம் இல்லை. புத்தாண்டுக்கு அவன் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அந்த ஈவனை வினைக்கு முன்னால் வைத்துவிட்டால் மூன்று விதமாகப் படிக்கலாம். சீனத்தில் லியென் எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். 'லியென் குவோநியென்' என்று வந்தால் 'புத்தாண்டுக்குக்கூட அம்மாவுக்குப் போன் செய்யவில்லை', மற்ற நாளில் செய்யாதது இருக்கட்டும். லியென் அம்மாவைப் பிடித்தால் 'அம்மாவுக்குக்கூடச் செய்யவில்லை', அதாவது வேறு யாருக்கும் செய்திருக்க மாட்டான். போனைப் பிடித்தால் 'ஒரு போன்கூடச் செய்யவில்லை', நேரில் வருவது எங்கே. மூன்றும் மூன்று மனத்தாங்கல். சீனத்தில் லியென் முன்னால் நிற்கும், தமிழில் கூட பின்னால் ஒட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கில வரியை மட்டும் பார்த்து எழுதினால் மூன்றில் எந்த மனத்தாங்கல் என்று ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் பழக்கடைக் காட்சி ஒன்றில் 'லியென் பி ச்சி' என்று வந்தது. பி என்றால் தோல், ச்சி என்றால் சாப்பிடு. ஆங்கில வரி சரியாகவே இருந்தது, தோலோடு சாப்பிடு. இதில் தோவ் இல்லை. தோவைச் சேர்த்து 'லியென் பி தோவ் ச்சி' என்று சொன்னால் தோலைக்கூடச் சாப்பிடுகிறான் என்று ஆகிவிடும். லியென் என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் இணைதல், தொடர்தல். 'அதையும் சேர்த்து' என்பதிலிருந்து 'அதைக்கூட' என்பதற்கு வந்திருக்கிறது. நம் கூட வந்த வழியும் அதுதானே. கூடு என்றால் சேர். 'அம்மாகூடப் போனான்' என்றால் அம்மாவோடு போனான். 'அம்மாகூடத் திட்டினாள்' என்றால் அம்மாவும்தான். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மூலப்பொருளிலிருந்து இந்தச் சொல்லைச் செய்துகொண்டிருக்கின்றன. அன்று மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"லியென் மட்டுமா, தோவையும் பாரு" என்றார் அவர். தோவின் முதன்மைப் பொருள் எல்லாம், அனைத்தும். கேள்விச் சொல்லோடு சேர்ந்தால் 'ஷெய் தோவ் ஜிதாவ்', யாருக்கும் தெரியும். 'ஷெய் தோவ் மெய் லாய்', யாரும் வரவில்லை. அந்தத் தோவ் நிற்கிற இடத்தில் தமிழில் உம் நிற்கிறது. எல்லோரும், யாரும், எதுவும் என்று வரும் அதே உம்தான் 'அம்மாவும்' என்பதிலும் வந்து கூட என்ற பொருளைத் தருகிறது. தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் முற்று ஒன்று, சிறப்பு ஒன்று. முற்றும்மை 'எல்லோரும் வந்தார்' என்பதில் வருவது. சிறப்பும்மைக்கு உரைகாரர்கள் காட்டும் 'குறவரும் மருளும் குன்றம்' என்ற எடுத்துக்காட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த மலையில் பிறந்து வளர்ந்த குறவர்கூட வழி தவறும் மலை. இதைச் சீனத்தில் சொல்ல வேண்டும் என்றால் லியென் போட்டுக் குறவரை வைத்துத் தோவ் போட வேண்டியதுதான். ஒரே சொல் 'எல்லாம்' என்றும் 'அதுகூட' என்றும் இரண்டு வேலை செய்வது நமக்குப் புதிது அல்ல.

இதைத் தெரிந்துகொண்டது வேலையில் உடனே உதவியது, ஏனென்றால் பேச்சில் லியெனை அடிக்கடி விட்டுவிடுவார்கள், தோவை மட்டும் விட மாட்டார்கள் (அதன் இடத்தில் யெ வரலாம்). 'யி கோவ் ஷுயி தோவ் மெய் ஹ' என்று வரும், லியென் இருக்காது. அகராதியைப் பார்த்துத் தோவ் என்றால் எல்லாம் என்று எடுத்துக்கொண்டு, 'ஒரு வாய்த் தண்ணீர் முழுவதையும் குடிக்கவில்லை' என்று புதிதாக வந்த ஒருவர் எழுதியிருந்தார். 'ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை' என்பதுதான் சரி. ஒன்று என்ற எண்ணும் அளவுச் சொல்லும் முன்னால், தோவ் நடுவில், கடைசியில் எதிர்மறை வினை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே லியென் மறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் போகாமல் இருப்பது நல்லது. சீனத்தில் ஓர் எழுத்துகூடச் சொல்லவில்லை என்பார்கள், நாம் ஒரு வார்த்தைகூட என்போம். ஒரு ஃபென் காசுகூட இல்லை என்றால் நமக்குச் சல்லிக்காசு இல்லை. 'லியென் க ரென்யிங் தோவ் மெய்யோவ்', ஒரு மனித நிழல்கூட இல்லை என்பது. அதை அப்படியே எழுதினாலும் புரியும்தான், ஆனால் அந்தக் காட்சியில் ஆளில்லாத தெருவைப் பார்த்து ஒரு கிழவி சொல்லும் சலிப்பு வராது. 'ஒரு ஈ காக்கைகூட இல்ல' என்று எழுதினேன். கடைசித் துளியைக் காட்டுவதற்கு ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஒரு துளி வைத்திருக்கிறது.

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது வினையை இரண்டு தடவை சொல்லும் வடிவம். 'லியென் கான் தோவ் மெய் கான்'. பார் என்ற வினையையே லியென் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, பின்னால் அதே வினையை எதிர்மறையில் மறுபடி சொல்கிறது. முதலில் 'பார்க்கக்கூட இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். தவறில்லை, ஆனால் உயிரில்லை. தமிழ் இங்கே வினையைத் திரும்பச் சொல்வதில்லை, அதற்கு முந்திய சின்ன அசைவைப் பிடித்து அதன்மேல் கூடவையோ உம்மையோ ஏற்றுகிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாடு என்றால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, வாயில்கூட வைக்கவில்லை. சீனத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும் வரிகளுக்குத் தமிழில் ஒவ்வொரு முறையும் வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது, அதற்குக் காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும், அவன் தலையைத் தூக்கவில்லையா, முகத்தைத் திருப்பவில்லையா, வீட்டுப் பக்கமே வரவில்லையா என்று.

கூட இடறிவிடும் இடங்களும் உண்டு. 'அண்ணன்கூட வரல' என்று திரையில் இரண்டு விநாடி நின்றால் அண்ணனோடு வரவில்லையா, அண்ணனே வரவில்லையா என்று பார்க்கிறவருக்குக் குழப்பம். 'அண்ணனும் வரல' என்றால் மற்றவர்களோடு சேர்த்து அவனும் வரவில்லை என்று மட்டும் ஆகிவிடலாம். அப்போது ஏகாரம் கைகொடுக்கும், 'அண்ணனே வரல'. நான் கவனித்த வரையில், இதைச் செய்ய வேண்டியவரே, தெரிந்திருக்க வேண்டியவரே என்ற மேல் எல்லையில் ஏ நன்றாகப் பொருந்துகிறது. 'லியென் லாவ்ஷி தோவ் பு ஜிதாவ்', வாத்தியாருக்கே தெரியவில்லை. இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற கீழ் எல்லையில் கூட இயல்பாக வருகிறது, பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சீனம் இரண்டுக்கும் ஒரே லியெனைத்தான் போடும்.

போன மாதம் ஒரு வரி. கணவன் மனைவி சண்டை, ஊரே அவனைத் திருடன் என்கிறது, அவன் அவளைப் பார்த்துச் சொல்கிறான், 'லியென் நி தோவ் பு ஷின் வோ'. நான் 'நீகூட என்னை நம்பல' என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அழித்துவிட்டு 'நீயே என்னை நம்பலையே' என்று மாற்றினேன். அது அதட்டல் மாதிரி இருந்தது. அவன் குரலில் அதட்டல் இல்லை, இறங்கிப் போயிருந்தது. அக்கா வந்து ஹெட்போனை வாங்கி ஒரு தடவை கேட்டார், இன்னொரு தடவை கேட்டார். "உம்மைப் போடு, போதும்" என்றார்.

'நீயும் என்னை நம்பலையா?' என்று வைத்தோம்.