நண்பர்களைத் தெரியும், பெயர்தான் தெரியாது: அம்மாவின் கணக்கை மீட்ட அனுபவம்

2013-இல் அம்மா பெங்களூருவில் தங்கை வீட்டில் இருந்தபோது, அங்கிருந்த டேப்லெட்டில் தன் சமூக வலைத்தளக் கணக்கைத் திறந்தார். கடவுச்சொல் சரிதான். ஆனால் புது ஊர், புதுக் கருவி என்பதால் தளம் சந்தேகப்பட்டு, 'இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் நண்பர்களை அடையாளம் காட்டுங்கள்' என்றது. எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. இந்தச் சோதனை அப்போது எப்படி நடந்தது, அம்மா மாதிரி ஆட்கள் ஏன் இதில் மாட்டிக்கொண்டார்கள் என்பதை மட்டும் எழுதிவைக்க நினைக்கிறேன்.

அன்றைய சோதனை இதுதான். மொத்தம் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரே நண்பர் டேக் செய்யப்பட்ட மூன்று படங்களும், கீழே ஆறு பெயர்களும் வரும். ஆறுமே நம் நண்பர் பட்டியலில் இருப்பவர்களின் பெயர்கள்தான். ஏழில் குறைந்தது ஐந்து சரியாக இருக்க வேண்டும். தவறான பதில், தெரியாது என்று தாண்டியது எல்லாம் சேர்த்து இரண்டுக்கு மேல் போகக்கூடாது. அதுவும் ஐந்து நிமிடத்துக்குள்.

அம்மாவுக்கு ஐம்பது, அறுபது நண்பர்கள் இருந்திருப்பார்கள். முக்கால்வாசி சொந்தக்காரர்கள், மீதி கோயில் பஜனைக் குழுவினர், பழைய பள்ளித் தோழிகள். அத்தனை பேர் வீட்டு விசேஷத்துக்கும் போய்வந்தவர். இவர்களை அவருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பார். முதல் தடவை தோற்றதும் தங்கை எனக்குப் போன் செய்தாள். அடுத்த தடவை அவள் கேள்விகளைப் படிக்க, அம்மா பதில் சொல்ல, நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் படத்தைப் பார்த்ததுமே, "இது நம்ம சின்னக்குட்டி மாமாடி" என்றார் அம்மா. மாமாவேதான். ஆனால் ஆறு பெயர்களில் சின்னக்குட்டி இல்லை. எஸ். ராமநாதன், ஆர். ராமநாதன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். மாமாவின் முழுப்பெயர் ராமநாதன் என்பதே அம்மாவுக்குக் கொஞ்சம் யோசித்த பிறகுதான் வந்தது. இனிஷியல் எது என்று நாங்கள் மூன்று பேரும் பேசி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. அடுத்த கேள்வியில் மூன்று படமும் ரோஜாப்பூ, விளக்கு, 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்'. யாரோ ஒருவர் வாழ்த்து அட்டையைப் போட்டு, எல்லோரையும் அதில் டேக் செய்திருக்கிறார். தளத்தைப் பொறுத்தவரை டேக் இருந்தால் அது அந்த ஆளின் படம். இன்னொன்றில் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தையைப் பெற்றவள் யார் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு கணவர் பெயரோடு சேர்த்து வேறு ஏதோ ஒரு பெயரில் இருந்தது. இன்னொன்று கல்யாண குரூப் போட்டோ. இருபது பேர் நிற்கும் படத்தில் யாரைக் கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. அந்தத் தடவையும் தோற்றோம். கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது.

நண்பர்கள் குறைவாக இருப்பவர்களுக்கு இது ஏன் தடுக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேக் செய்த படங்கள் போதுமான அளவு உள்ள நண்பர்களை வைத்துத்தான் தளம் கேள்வி எடுக்க முடியும். ஆயிரம் நண்பர்கள் இருந்தால், தெளிவான முகப்படங்கள் நிறைய உள்ள சிலராவது அதில் அகப்படுவார்கள். அம்மாவின் பட்டியலில் பாதிப்பேர் கணக்கைத் திறந்ததோடு சரி. மீதிப்பேரில் படம் உள்ளவர்கள் என்றால், தீபாவளி அட்டையிலும் கல்யாண ஆல்பத்திலும் டேக் ஆனவர்கள்தான். அந்தச் சின்னக் கும்பலே திரும்பத் திரும்ப வரும். தப்பான விடைகளாக வரும் ஐந்து பெயர்களும் அதே குடும்பத்திலிருந்து வரும். அக்காள் தங்கை முகமும் ஒன்றுபோல, பெயரும் ஒன்றுபோல.

கணக்குப் போட்டே பார்த்தேன். ஏழில் நான்கு நிச்சயமாகத் தெரியும், மூன்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒன்று சரியானால் போதும். இரண்டைத் தாண்டிவிட்டு ஒன்றை மட்டும் குத்துமதிப்பாக அடித்தால் ஆறில் ஒரு வாய்ப்பு, அதாவது நூற்றுக்குப் பதினேழு. மூன்றையுமே அடித்தால் ஒன்றாவது பலிக்க நூற்றுக்கு 42. தாண்டுவதும் தவறும் ஒரே கணக்கில் சேர்கிற இடத்தில் தாண்டுவதில் லாபமே இல்லை. அம்மாவோ தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வார். நேர்மையாகப் பதில் சொல்கிறவருக்கு இந்த விதி பாதகமாகத்தான் இருக்கிறது.

சரி, பட்டியலைப் பார்த்துப் படித்துவிட்டு வரலாம் என்றால் கணக்கு பூட்டிக்கிடக்கிறது. ஆனால் அம்மாவின் நண்பர்களில் பெரும்பாலோர் எனக்கும் நண்பர்கள். என் கணக்கில் நுழைந்து, பொது நண்பர்கள் பட்டியலை வைத்து ஒவ்வொருவர் பக்கமாகத் திறந்து ஒரு நோட்டில் எழுதினேன்: கணக்கில் உள்ள பெயர், அம்மா அழைக்கும் பெயர், டேக் ஆன படங்களில் என்ன இருக்கிறது. 'எஸ். ராமநாதன், சின்னக்குட்டி மாமா, பைக் படம், பழனி மலைப்படி.' குழந்தைப் படங்களுக்கு யார் குழந்தை, அந்தக் குழந்தையைப் பெற்றவளின் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்று தனியாகக் குறித்தேன். அம்மா ஊர் திரும்பியதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். அவர் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல, நான் நோட்டைப் பார்த்து கணக்குப் பெயரைச் சொன்னேன். நேரம் மிச்சமிருக்கும்போதே முடிந்துவிட்டது.

முடிந்ததில் சந்தோஷம்தான், ஆனால் மனம் ஒப்பவில்லை. கணக்குக்குச் சொந்தக்காரரால் தனியாகத் தாண்ட முடியாத தடையை, அவர் மகனான நான் சுலபமாகத் தாண்டுகிறேன். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்து, கடவுச்சொல்லும் தெரிந்திருந்தால், அம்மா இல்லாமலே உள்ளே போயிருப்பேன்.

பிறகு தேடிப் படித்ததில், இது தெரிந்த பிரச்சினைதான் என்று புரிந்தது. 2011 ஜனவரியில் பேஸ்புக் இந்த வகைச் சோதனையை அறிவித்தபோது சொன்ன காரணம், எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் திருடனுக்குக் கடவுச்சொல் தெரியலாம், ஆனால் உங்கள் நண்பர்களைத் தெரியாது என்பது. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராஸ் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும், நம் வட்டத்துக்குள்ளேயே இருப்பவரை இது தடுக்காது என்று காட்டினார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த நெருக்கமான சின்ன வட்டத்தில்தான் அந்த ஓட்டை பெரிது. அதே 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில், எல்லோரும் பார்க்கக்கூடிய படங்களையும் முகம் கண்டறியும் மென்பொருளையும் மட்டும் வைத்து 22 சதவீதச் சோதனைகளைத் தானியங்கியாகவே முடித்திருக்கிறார்கள். அப்படியானால் தொலைதூரத் திருடனுக்கும் இது முழுத் தடை இல்லை. அம்மாவைத்தான் நன்றாகத் தடுத்தது.

உள்ளே போனதும் முதல் வேலையாக அவர் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கணக்கில் சேர்த்தேன். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் குறுஞ்செய்தியில் எண் வரட்டும், படம் காட்ட வேண்டாம். மீட்புக்கு வேறு எந்த வழியும் பதிவாகாமல் இருந்ததால்தான் இத்தனை பாடு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கணக்கில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று, அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், வாழ்த்து அட்டையில் நம்மை யாராவது டேக் செய்தால் நீக்கிவிடுவது நல்லது. நம் பெயரில் கிடக்கும் அந்த ரோஜாப்பூ, நம் நண்பர் ஒருவரின் சோதனையில் கேள்வியாக வந்து நிற்கும். இதை அம்மாவே பஜனைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.