கடைசி எட்டு நிமிடத்திலிருந்து ஒரு பின்னப் பாடம்

ஒரு மணி நேரப் பின்னப் பாடத்துக்குத் திட்டம் எழுத உட்கார்ந்தால், கடைசி எட்டு நிமிடத்தைத்தான் முதலில் எழுதுவேன். பிள்ளைகள் வெளியே போகும்போது வாங்கிக்கொள்ளும் துண்டுச்சீட்டில் என்ன கேட்கப்போகிறேன் என்பது முடிவானால்தான் நடுவில் என்ன செய்ய வைப்பது என்று தெரியும்.

பாடம், பின்னங்களை ஒப்பிடுவது. சீட்டில் இரண்டே கேள்விகள்: 1/3, 1/5 இவற்றில் எது பெரியது? 2/3, 3/4 இவற்றில் எது பெரியது? ஒவ்வொன்றுக்கும் காரணமாக ஒரு வரியோ படமோ வேண்டும்.

முதல் கேள்விக்கு 1/5 என்று எழுதினால், பிள்ளை 5 என்ற எண்ணை மட்டும் பார்த்திருக்கிறது. எல்லா ஆசிரியர்களும் பார்த்துப் பழகிய தவறு இது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். 'கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் பின்னம் பெரியது' என்று மனப்பாடம் செய்த பிள்ளை முதல் கேள்வியில் தப்பித்துவிடும், இரண்டாவதில் 2/3 என்று எழுதி மாட்டிக்கொள்ளும். 'இரண்டும் சமம், ஒரு துண்டுதானே குறைகிறது' என்று எழுதுபவர்களும் உண்டு. அவர்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள். குறையும் துண்டுகளில் 1/4 சிறியது என்று பார்த்துவிட்டால் விடை கிடைத்துவிடும்.

சரி, தொடக்கத்துக்கு வருவோம். முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் ஒரு செவ்வகம். சமமில்லாத நான்கு துண்டுகள், ஒன்றில் மட்டும் வண்ணம். இது 1/4 தானா? எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொருவராகக் கேட்டால் முதல் பதிலையே மற்றவர்களும் சொல்வார்கள். 'ஆம்' என்று எழுதியவர்கள் அன்றைக்கு என் பக்கத்தில் உட்காருவார்கள். குழு அன்றைய சிலேட்டை வைத்துத்தான், பரீட்சை மதிப்பெண்ணை வைத்து இல்லை.

அடுத்த அரை மணி நேரம் காகிதப் பட்டைகள். எல்லாப் பட்டையும் 24 செ.மீ. நீளம். அப்போது மூன்றில் ஒன்று 8, நான்கில் ஒன்று 6, எட்டில் ஒன்று 3 செ.மீ. என்று முழு எண்ணிலேயே அமையும். நான்காக மடிப்பது எளிது. மூன்றாக மடிக்கப் பெரியவர்களே திணறுவார்கள், அதனால் என் பக்கத்துக் குழுவுக்கு 8, 16 செ.மீ.யில் கோடு போட்டே கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் அளந்து மடிக்கலாம். எல்லோருக்கும் வேலை ஒன்றுதான்: 2/3, 3/4 பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. சீக்கிரம் முடிப்பவர்களுக்கு, 1/2க்கும் 3/4க்கும் நடுவில் வரும் பின்னங்களைத் தேடும் வேலை. 2/3ஐ உடனே சொல்வார்கள், 5/8க்கு எட்டாக மடிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பன்னிரண்டு நிமிடம் பேச்சு. அதற்காகவே 12 செ.மீ. பட்டை ஒன்றை வைத்திருப்பேன். அதன் பாதியும் பெரிய பட்டையின் 1/4உம் 6 செ.மீ.தான். அப்படியென்றால் 1/2ம் 1/4ம் சமமா என்று கேட்டால் வகுப்பில் சண்டையே வரும். முழுமை ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதை அந்தச் சண்டையில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சீட்டு எழுதும்போது பட்டைகள் மேசைக்குள். வாங்கியதும் விடையைப் பார்த்து அல்ல, காரணத்தைப் பார்த்து மூன்று கட்டாகப் பிரிப்பேன். 3/4 என்று சரியாக எழுதி, 'இரண்டு எண்ணும் பெரியது' என்று காரணம் சொன்ன சீட்டு, 1/5 என்று எழுதியவர்களின் கட்டில்தான் சேரும்.