இருட்டுத் திட்டுகளைத் தேடிப் போனபோது

முப்பரிமாணக் காட்சியாக வரையும் இரவுக் கடைத்தெரு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 300 விளக்குகள், எல்லாமே அசைபவை. கண்ணாடிப் பொருட்கள் நிறைய இருந்ததால், அவற்றுக்கு ஒத்துவராத டிஃபர்டு முறையை விட்டு, கிளஸ்டர்டு ஃபார்வர்டைத் தேர்ந்தெடுத்தேன். கேமரா பார்க்கும் கூம்பை 16×9 கட்டங்களாகவும் ஆழத்தில் 24 அடுக்குகளாகவும் வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டையும் எந்தெந்த விளக்கு தொடுகிறது என்று கம்ப்யூட் ஷேடர் பட்டியல் போடும். பிக்சல் தன் துண்டின் பட்டியலை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் வாரம் நன்றாகவே ஓடியது. அப்புறம் கேமரா திரும்பும்போது தெருவின் கோடியில் சதுரமான இருட்டுத் திட்டுகள் தோன்றி மறைந்தன. ஒரு துண்டுக்கு 64 விளக்கு என்று வரம்பு வைத்திருந்தேன். அது நிரம்பி, மிச்ச விளக்குகள் விழுந்துபோயின. வரம்பை 256 ஆக்கினேன். திட்டுகள் போயின, ஆனால் ஃபிரேம் நேரம் ஏறிவிட்டது. நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

துண்டுக்கு எத்தனை விளக்கு என்பதை நிறமாகக் காட்டும் ஹீட்மேப்பைப் போட்டுப் பார்த்தேன். தூரத்தில் எல்லாம் சிவப்பு. அடுக்குகளை மடங்கு முறையில் 0.1 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை பிரித்திருந்தேன். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட 1.47 மடங்கு பருமன். முதல் 5 மீட்டருக்குள்ளேயே 10 அடுக்குகள் தீர்ந்துவிடுகின்றன. அங்கே விளக்கே இல்லை. 21 மீட்டருக்கு அப்பால் ஒரே அடுக்கு 10 மீட்டர் பருமன், அதில் வரிசையாக இத்தனை கடைகளின் விளக்குகள்!

முதல் 5 மீட்டரை ஒரே அடுக்காக்கினேன். மீதி 23 அடுக்குகளை 5 முதல் 200 மீட்டருக்குப் பரப்பினேன். அதற்கு அப்பால் மலைப் பின்னணிதான். கடைசி அடுக்கின் எல்லையை மட்டும் 1000 மீட்டர் வரை நீட்டினேன்.

```
slice = z < 5.0 ? 0
  : min(23, 1 + int(log(z/5.0) / log(40.0) * 23.0));
```

இங்கே `z` கேமராவிலிருந்து உள்ள நேரான ஆழம். டெப்த் பஃபரில் இருக்கும் மதிப்பை அப்படியே போட்டால் விளக்குகள் தவறான அடுக்கில் தேடப்பட்டுக் காணாமல் போகும். இப்போது 21 மீட்டர் தூரத்தில் அடுக்கின் பருமன் 4 மீட்டருக்கும் குறைவு. வரம்பைத் திரும்ப 64க்கே கொண்டுவந்தேன்.

நாற்சந்தி மட்டும் சிவப்பாகவே இருந்தது. அங்கே விளக்குகளின் வீச்சே ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால், எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் பயனில்லை. லைட்டிங் ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அண்ணா, ஆரத்தைக் குறைச்சா இருண்டுடாதா?” என்று கேட்டார். 12 மீட்டர் ஆரம் வைத்த விளக்கின் ஒளி 6 மீட்டரிலேயே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. பாதியாக்கினால் அது அடைக்கும் இடம் எட்டில் ஒரு பங்கு. அன்று மாலையே ஹீட்மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு விளக்காக அவரே குறைத்துவிட்டார்.