சி கார்டை இடவலம் மாற்றி வாசித்த பத்து நாள்

நேற்று இரவு என் கிதாரில் சி மேஜர் கார்ட் முதல் முறையாகச் சி மேஜராகவே ஒலித்தது. அதற்கு முன் பத்து நாளாக நான் வாசித்ததற்குப் பெயர் எதுவும் கிடையாது.

கோளாறு விரலில் இல்லை, எந்தத் தந்தியை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டும் கார்ட் கட்டத்தைப் படித்த விதத்தில்தான். தந்திகளைப் படுக்கைக் கோடுகளாக வரையும் டேப் குறியீட்டைப் பார்த்துப் பழகியவன் நான். டேபில் மேல்கோடு மெல்லிய முதல் தந்தி. அந்த நினைப்பிலேயே கார்ட் கட்டத்தின் இடக்கோட்டையும் முதல் தந்தி என்று எடுத்துக்கொண்டேன். அது தடித்த ஆறாம் தந்தி! கிதாரின் முகம் நம்மைப் பார்க்கும்படி சுவரில் நிமிர்த்திச் சாய்த்தால் எப்படித் தெரியுமோ, அதுதான் கட்டம். உச்சியில் இருக்கும் தடித்த கோடு நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை. அதற்குக் கீழுள்ள குறுக்குக் கோடுகள் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகள்.

பிழையைக் காட்டிக்கொடுத்தது இடக்கோட்டின் மேலிருந்த பெருக்கல் குறி. அந்தத் தந்தியை மீட்டக் கூடாது என்பது அதன் பொருள். நானோ மெல்லிய தந்தியைப் பயபக்தியோடு தவிர்த்துவிட்டு, தடித்ததை முழங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்தியபின் மோதிர விரல் ஐந்தாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட். சுழி போட்ட மூன்றாம், முதல் தந்திகள் திறந்தபடி ஒலிக்க வேண்டும். ஆனாலும் ஐந்தாம் தந்தி இரைந்தது.

இங்கேதான் கட்டம் கொஞ்சம் ஏமாற்றுகிறது. விரலுக்கான புள்ளியை இரண்டு ஃப்ரெட் கோடுகளுக்கு நட்டநடுவே வரைகிறார்கள். நானும் நடுவிலேயே அழுத்தினேன். விரல் நுனியை மூன்றாம் ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால் நகர்த்தியதும் பாதி அழுத்தத்திலேயே இரைச்சல் நின்றது. எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்பதைத்தான் புள்ளி சொல்கிறது. விரல் எங்கே உட்கார வேண்டும் என்பதை அல்ல. (ஏ மேஜரில் மூன்று விரலும் ஒரே ஃப்ரெட்டில் நெருக்கியடிப்பதால் எல்லாவற்றையும் கம்பியருகே வைக்க இடமிருக்காது. அங்கே சமரசம்தான்.)

முதல் தந்தி மட்டும் இன்னும் அவ்வப்போது 'டொக்' என்கிறது. தந்திகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்ததில் குற்றவாளி பிடிபட்டது: ஆள்காட்டி விரல் படுத்துக்கொண்டு, திறந்திருக்க வேண்டிய பக்கத்துத் தந்தியைத் தொடுகிறது. நகத்தை வெட்டினேன், கணுவை உயர்த்தினேன். பத்தில் ஏழு முறை சரியாக வருகிறது.

இது முழுதாகத் தேறுவதற்குள் ஏ மைனர் கட்டத்தைச் சியின் பக்கத்தில் வரைந்து ஒட்டிவிட்டேன். இரண்டையும் ஒப்பிட்டால் இடம் மாறுவது மோதிர விரல் மட்டும்தான்: ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாம் தந்தியின் இரண்டாவதற்கு. மற்ற இரண்டையும் எடுக்காமலே மாற்றலாம். எனக்கு மட்டும் மூன்றும் சேர்ந்தே எழுந்துவிடுகின்றன.