மாம்பழ பல்ப் ஃபேக்டரி அண்ணன் குடுத்த ரெஃபரன்ஸ்

இன்டர்ன்ஷிப் ஃபார்ம்ல ரெஃபரன்ஸ்னு ஒரு கட்டம் இருந்தா நம்ம பசங்க கை தானா ஹெச்.ஓ.டி பேரை எழுதிடும். நானும் மெக்கானிக்கல் மூணாவது வருஷத்துல ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு போட்டப்போ அப்படித்தான் எழுதினேன், அவர்கிட்ட ஒரு வார்த்தை கூட கேக்கல. ஹெச்.ஆர் போன் பண்ணப்போ சார் "எந்த பையன், எந்த செக்‌ஷன்"னு கேட்டிருக்கார், அப்புறம் "ரெகுலரா வருவான், டிசிப்ளின் நல்லா இருக்கும்"னு முடிச்சிட்டார். தப்பா ஒன்னும் சொல்லலை, ஆனா அந்த பதிலை க்ளாஸ்ல அறுபது பேருக்கும் சொல்லலாம். இடம் கிடைக்கல.

அடுத்த அப்ளிகேஷனுக்கு வேற மாதிரி யோசிச்சேன், நான் வேலை செஞ்சதை கண்ணால பாத்தவர் யாருன்னு. அப்ப ஞாபகம் வந்தவர் கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாம்பழ பல்ப் ஃபேக்டரில மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரா இருந்த அண்ணன். பெங்களூரா மாங்கா சீசன்ல அங்க 25 நாள் ஹெல்ப்பரா இருந்தேன். அவர் படிச்சது ஐ.டி.ஐ, பேருக்கு பின்னாடி பெரிய பதவி ஒன்னும் இல்ல, அதான் எனக்கு தயக்கமே. ஆனா என் கை எப்படி வேலை செய்யும்னு அவருக்கு தான் தெரியும்.

போன்ல கேக்காம பைக் எடுத்துட்டு நேர்லயே போனேன். "அண்ணே, ரெஃபரன்ஸா உங்க பேர் போடலாமா"ன்னு மட்டும் கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, அதனால "கம்பெனில இருந்து என்னைப் பத்தி கேட்டா என்ன சொல்வீங்க"ன்னு கேட்டேன். டீயை ஆத்திட்டே, "நல்ல பையன், ஆனா காலைல லேட்டா வருவ. அந்த சீல் விஷயம் சொல்லலாம்"னாரு.

சீல் விஷயம் என்னன்னா, பல்ப் பம்ப்ல ஷாஃப்ட் பக்கமா பல்ப் வெளிய கசியாம தடுக்கற மெக்கானிக்கல் சீல் அடிக்கடி லீக் ஆகி அந்த சீசன்லயே மூணு தடவை மாத்திட்டாங்க. நான் ஒவ்வொரு தடவையும் லீக் ஆன நேரத்தை நோட்ல குறிச்சு வெச்சேன், பாத்தா ஒரு லோடு முடிஞ்சு அடுத்த லாரி பழம் வர்ற இடைவெளிக்கு அப்புறம் தான் லீக் ஆரம்பிச்சிருக்கு. ஹாப்பர் காலியா இருக்கும், பம்ப் மட்டும் ஓடிட்டே இருக்கும். சீல் முகம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற திரவம் தான் அதை குளிர்விக்கும், அது இல்லாம ட்ரை ரன்னா ஓடினா சூடாகி தேஞ்சு போயிடும்.

ரெஸ்யூம்ல நான் "சீல் பிரச்சனையை நானே தீர்த்தேன்"னு எழுதியிருந்தேன். அண்ணன் கிட்ட படிச்சு காட்டினப்போ சிரிச்சிட்டாரு. "தம்பி, ட்ரை ரன்னுன்னு எனக்கு முதல்லயே சந்தேகம் இருந்துச்சுப்பா, உன் நோட்டு தான் அதை உறுதி பண்ணுச்சு. ஹாப்பர் காலியானா பம்ப்பை நிறுத்துன்னு ஆபரேட்டருக்கு சொன்னது நான்." அங்கயே எனக்கு வெக்கமா போச்சு, ஆனா நல்லவேளை இது ஹெச்.ஆர் காதுல முதல்ல விழல. நான் ஒன்னு சொல்லி அவர் ஒன்னு சொன்னா ஹெச்.ஆர் அவரை தான் நம்புவாங்க. "லீக் நேரங்களை பதிவு செஞ்சு காரணத்தை உறுதிப்படுத்த உதவினேன்"னு மாத்திட்டேன், கொஞ்சம் சின்னதா தெரிஞ்சாலும்.

அப்புறம் ஒரு பேப்பர்ல தமிழ்லயே எழுதி குடுத்தேன்: நான் இருந்த தேதி, செஞ்ச வேலை, எந்த கம்பெனி, என்ன வேலைக்கு போடறேன், எப்ப வாக்குல போன் வரும். என்ன சொல்லணும்னு ஒரு வரி கூட எழுதல, மனப்பாடம் பண்ணி பேசினா குரல்லயே தெரிஞ்சிடும். லேட் விஷயத்தை மறைக்க சொல்லவும் இல்ல. முதல் வாரம் பஸ்ல வந்ததால தான் லேட்டு, அப்புறம் ஃப்ரெண்டு பைக்ல வந்து சரி பண்ணிட்டேன், அதை மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

இன்னொரு சிக்கல், அண்ணன் தெரியாத நம்பரை எடுக்க மாட்டார், எடுத்தாலும் மெஷின் சத்தத்துல ஒன்னும் கேக்காது. அதனால ஃபார்ம்ல அவர் நம்பர் பக்கத்துல "மதியம் 2 மணிக்கு மேல், தமிழில் பேசவும்"னு போட்டேன். மெயில்ல லிங்க் அனுப்பி லெட்டர் கேக்கற இடமா இருந்தா இவரை போட்டிருக்க மாட்டேன், அதுக்கு ப்ராஜெக்ட் கைட் மேடம் தான் சரி.

செலக்ட் ஆனதுக்கு அப்புறம் ஒரு நாள் ஹெச்.ஆர் மேடமே சொன்னாங்க, கடைசியா அவங்க கேட்ட கேள்வி "திரும்ப வந்தா எடுப்பீங்களா"வாம். அதுக்கு அண்ணன், "சீசன் ஆரம்பிச்சா நானே போன் பண்ணி கூப்பிடுவேன், நீங்க எடுத்துட்டா எனக்கு தான் ஆள் பத்தாது"ன்னாராம்.