இண்டர்வியூ வாரத்துல பிறந்தநாள் வர்ற ஃப்ரெண்டுக்கு என்ன எழுதலாம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல வளர்ந்து, எஸ்.பி.எம் முடிச்சு நுண்கலை டிப்ளோமாவுல சேர்ந்தவ நான். அதுல சேர, வரைஞ்ச படங்களைக் கொண்டு போய்க் காட்டுற போர்ட்ஃபோலியோ இண்டர்வியூக்கு முந்தின வாரம்தான் என் பிறந்தநாள், அன்னிக்கு வந்த வாழ்த்துல எது தெம்பு கொடுத்துச்சு எது வயித்தைக் கலக்குச்சுன்னு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்த வருஷம் என் ஃப்ரெண்டும் அதே இண்டர்வியூக்கு ரெடியாகுறா, அவ பிறந்தநாளும் கிட்ட வருது, அதான் எழுதறேன்.

"நீ ரொம்ப தைரியசாலி"ன்னு நிறைய பேர் அனுப்புவாங்க. பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா நர்ஸிங் படிக்கிற பொண்ணுக்கு யாரும் அப்படி அனுப்ப மாட்டாங்கல்ல? அங்கதான் சந்தேகம் ஒளிஞ்சிருக்கு. "கையில வேற ஒண்ணும் வெச்சுக்கோ", "எது நடந்தாலும் நாங்க இருக்கோம்", இதெல்லாம் அதே வகைதான். "ஒருநாள் பெரிய ஆளா வருவே"ன்னு சொன்னாலும், இப்ப நீ பண்றது இன்னும் கணக்குல வரலன்னு காதுல விழும். அவ எடுத்த படிப்பைப் பத்தி எழுதின வரியை அப்படியே நர்ஸிங் படிக்கிறவளுக்கு அனுப்ப முடியுமான்னு பாருங்க, முடியலன்னா எடுத்துடுங்க.

"கண்டிப்பா கிடைக்கும்"னும் எழுத வேணாம். சீட்டு நம்ம கையில இல்ல, கிடைக்காம போச்சுன்னா அந்த வார்த்தையையும் அவதான் சுமக்கணும். அவ ஏற்கனவே செஞ்சு முடிச்சதைப் பத்தி எழுதுங்க, அதை எந்த ரிசல்ட்டும் மாத்த முடியாது.

அதுக்கு அவ படத்தை நிஜமா உக்காந்து பார்க்கணும். என் ஃப்ரெண்டு அவங்க பாட்டி ரப்பர் பால் வெட்டின கையை கரிப்பென்சில்ல வரைஞ்சிருக்கா. கட்டைவிரல் நகத்தோட ஓரம் மட்டும் பேப்பரை வெள்ளையாவே விட்டுட்டு மத்த இடமெல்லாம் விரலால தேய்ச்சிருக்கா, அதனால வெளிச்சம் அந்த நகத்துல வந்து நிக்குது. சும்மா "சூப்பர் டி"ன்னு போட்டா இதெல்லாம் போயிடும். நான் எழுதி வெச்சிருக்கிறது இதுதான்:

"ஹேப்பி பர்த்டே டி. பாட்டி கை படத்துல அந்த நகத்தை மட்டும் வெள்ளையா விட்டிருக்க பாரு, அதையே பார்த்துட்டு இருந்தேன். எங்க நிறுத்தணும்னு உனக்குத் தெரியுது. சனிக்கிழமை காடி எடுத்துட்டு வர்றேன், படமெல்லாம் மடங்காம கொண்டு போயிடலாம். அடுத்து என்ன வரையப் போற, சொல்லு."

கடைசிக் கேள்வி முக்கியம், அது இண்டர்வியூவைக் கேட்கல, படத்தைக் கேட்குது. கூட ஏதாவது உதவியும் சொல்லுங்க, ஆனா நாளு கிழமையோட சொல்லுங்க, "ஏதாவது வேணும்னா கேளு"ன்னா யாரும் கேட்க மாட்டாங்க. பரிசு வாங்கறதா இருந்தா அவ இப்ப யூஸ் பண்ற அதே கரிப்பென்சில், அதே டிராயிங் பிளாக் வாங்குங்க, இண்டர்வியூ நேரத்துல புது பேப்பர்ல கை பழக நேரம் இருக்காது.

அப்புறம், இதை குடும்ப குரூப்ல போடாம தனியா அனுப்புங்க. குரூப்ல போட்டா கீழயே யாராவது "இது படிச்சா என்ன வேலை"ன்னு கேட்பாங்க, பிறந்தநாள் அன்னிக்கு அவ அதுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கணும்.